1.9 எப்படி 0.78 ஆனது?

கேள்வி: "என் அம்மாவுக்கு 66 வயது, எடை 44 கிலோ. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். பெங்களூரு அல்சூரில் எங்களோடு இருக்கிறார். போன மாதம் டாக்டர் ஒரே ஒரு தடவை பிடித்த சிறுநீரில் புரத-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். 1.9 என்று வந்தது. டெல்மிசார்டான் மாத்திரை தொடங்கினார். பத்து நாள் கழித்து வேறொரு லேபில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தோம். புரதம் ஒரு நாளுக்கு 0.78 கிராம் என்று வந்திருக்கிறது. அதற்குக் கீழே மொத்த அளவு 1150 மி.லி., புரதம் 68, கிரியாட்டினின் 36 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று எங்களுக்குச் சந்தோஷம். தம்பி மட்டும் இரண்டில் ஒரு லேப் தப்பாகப் பார்த்திருக்கிறது என்கிறான். எதை நம்புவது?"

பதில்:

இரண்டு லேபையும் நம்பலாம். ஆனால் எதுவும் குறையவில்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் முரணாகத் தெரியும். முரண் இல்லை என்பதை உங்கள் அம்மாவின் எண்களை வைத்தே காட்டிவிடலாம். நீங்கள் "கீழே அச்சிட்டிருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதிய அந்த 36-தான் இதில் முக்கியமான எண். அது இல்லாமல் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

நான் டாக்டர் அல்ல. சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு லேபில் உயிர்வேதியியல் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில், 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்த கேனில் இருந்து வந்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 68, 36 இரண்டும் ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மொத்தம் 1150 மி.லி. என்றால் பதினொன்றரை டெசிலிட்டர். 68-ஐப் பதினொன்றரையால் பெருக்கினால் 782 மில்லிகிராம். அதுதான் அந்த 0.78 கிராம். இதுவரை லேப் செய்த கணக்கு. லேப் செய்யாமல் விட்ட கணக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று, 68-ஐ 36-ஆல் வகுப்பது. வகுத்துப் பாருங்கள், 1.89 வரும். போன மாதம் ஒரு தடவை பிடித்த சிறுநீரில் வந்ததும் 1.9 தானே? இரண்டு லேப், இரண்டு நாள், இரண்டு விதமான சேகரிப்பு. ஆனாலும் விகிதம் அப்படியே நிற்கிறது. தம்பியின் சந்தேகத்துக்கு இதுவே பதில்.

இரண்டாவது கணக்கு, கிரியாட்டினினையும் அதே பதினொன்றரையால் பெருக்குவது. 414 மில்லிகிராம் வருகிறது. அந்தக் கேனில் ஒரு நாளைக்கு உரிய சிறுநீர் முழுவதும் இருந்ததா என்பதற்கு நமக்கு இருக்கும் ஒரே சாட்சி இந்த எண். அது என்ன சாட்சி சொல்கிறது என்று புரிய, கிரியாட்டினினை எதற்காகப் புரதத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிறுநீரில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது குடித்த தண்ணீரைப் பொறுத்தது. காலையில் எழுந்ததும் பிடித்த சிறுநீரில் புரதம் 190, கிரியாட்டினின் 100 என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு மறுபடி பிடித்தால் புரதம் 38 ஆகியிருக்கும். நோய் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டதா என்ன? இல்லை. கிரியாட்டினினும் 100-இலிருந்து 20-க்கு இறங்கியிருக்கும். தண்ணீர் இரண்டையும் ஒரே அளவில் நீர்க்க வைக்கிறது. வகுத்தால் இரண்டு தடவையும் 1.9 தான். பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு அடர்த்தி மட்டுமே தெரியும். அதனால்தான் ஒரே ஆளுக்குக் காலையில் மூன்று பிளஸ், மாலையில் ஒரு பிளஸ் என்று வருகிறது.

அடுத்தபடியாக, கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது? தசையிலிருந்து. தசையில் இருக்கும் கிரியேட்டின் என்ற வேறொரு பொருளில் ஒரு சிறு பங்கு தினமும் கிரியாட்டினினாக மாறி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வெளியேறுகிறது. தசை நேற்றைக்கும் இன்றைக்கும் மாறுவதில்லை. ஆகவே ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் கிரியாட்டினினும் ஏறக்குறைய மாறுவதில்லை. நடுத்தர உடம்புள்ள ஒருவருக்கு அது தோராயமாக ஒரு நாளுக்கு ஒரு கிராம் என்று கொண்டால், "ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு இத்தனை கிராம் புரதம்" என்ற விகிதம் தானாகவே "ஒரு நாளுக்கு இத்தனை கிராம் புரதம்" என்று ஆகிவிடுகிறது. 1983-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு தடவை பிடித்த சிறுநீரின் விகிதம் நாள் முழுவதும் சேர்த்ததோடு நன்றாக ஒத்துப்போகிறது, 0.2-க்குக் கீழே என்றால் சாதாரணம், 3.5-க்கு மேல் என்றால் நெஃப்ரோடிக் அளவு, அதாவது சிறுநீரகம் புரதத்தை மிக அதிகமாகக் கசியவிடும் அளவு என்றார்கள். கேன் தூக்கும் தொல்லை ஒழிந்தது என்று உலகம் முழுவதும் இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டது. நாங்களும்தான்.

ஆனால் அந்த "ஒரு கிராம்" யாருக்கு? உங்கள் அம்மாவுக்கு இல்லை. 44 கிலோ எடையும் 66 வயதும் உள்ள ஒரு பெண்ணின் உடம்பில் ஒரு கிராம் கிரியாட்டினினைத் தரும் அளவுக்குத் தசை இருக்காது. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு 2011-இல் வந்த ஒரு சூத்திரத்தை நான் பயன்படுத்துவேன். பெண்களுக்கு, எண்களை முழுமையாக்கி எழுதினால், இப்படி இருக்கும்:

```
880 + (12.5 × எடை) − (6.2 × வயது) − 379
880 + 550 − 409 − 379 = 642 மி.கி. / நாள்
```

ஆண்களுக்குக் கடைசி 379-ஐக் கழிக்க வேண்டியதில்லை. நம் ஊர் உடம்புகளை மனத்தில் வைத்துச் செய்த சூத்திரம் அல்ல இது. தனி ஒருவருக்கு இருபது, முப்பது சதவீதம் கூடவோ குறையவோ போகலாம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிராம் என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அம்மாவுக்கு நாளைக்குச் சுமார் 640 மில்லிகிராம் என்றால், விகிதம் 1.9 என்பது 1.9 கிராம் புரதம் ஆகாது. 0.64-ஐ 1.9-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1.2 கிராம். ஆக முதல் அறிக்கையை நீங்கள் படித்த விதத்திலேயே ஒரு மிகை இருந்தது. இதன் மறுபக்கத்தையும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முப்பது வயது, 85 கிலோ, தினமும் ஜிம்முக்குப் போகிற ஐ.டி. பையன் ஒருவன். விகிதம் 0.9. "ஒன்றுக்குக் கீழேதானே" என்று நிம்மதியாக இருந்தான். அதே சூத்திரத்தில் போட்டால் அவனுக்கு ஒரு நாளைய கிரியாட்டினின் 1750 மில்லிகிராமுக்குப் பக்கம். அவன் உண்மையில் இழந்தது கிட்டத்தட்ட 1.6 கிராம். விகிதத்தில் உங்கள் அம்மாவுக்குப் பாதிகூட இல்லாதவன், புரத இழப்பில் அம்மாவைத் தாண்டிப் போய்விட்டான்.

இனி 414-க்கு வருவோம். எதிர்பார்த்தது 640, கேனில் இருந்தது 414, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. நாள் முழுவதற்கும் உரிய சிறுநீர் கேனுக்குள் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கேனில் விழாமல் போன சிறுநீரோடு புரதமும் போயிருக்கும், கிரியாட்டினினும் போயிருக்கும். அதனால்தான் விகிதம் 1.89-ஆகவே நிற்க, மொத்தம் மட்டும் 0.78-க்கு இறங்கியிருக்கிறது. கிடைத்த பங்கை வைத்து முழு நாளைக்குக் கணக்கிட்டால், 0.78-ஐ 640-ஆல் பெருக்கி 414-ஆல் வகுத்தால், மறுபடியும் அதே 1.2 கிராம் வருகிறது.

இதில் நான் விட்டுக்கொடுக்க வேண்டிய ஓரிடம் உண்டு. சூத்திரம் அம்மாவின் தசையை அதிகமாக மதித்திருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோயில் தசை கரைந்து, எடைக்கு ஏற்ற தசை இல்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே அவர் ஒரு நாளைக்கு 414 மில்லிகிராம்தான் வெளியேற்றுபவர் என்றால், கேன் முழுமையானது, 0.78 கிராமும் சரியானது. ஆனால் அப்போது மாத்திரைக்கு முந்தைய 1.9-ஐயும் அதே 0.414-ஆல்தான் பெருக்க வேண்டும். அதுவும் 0.79 தான் வரும். ஆக அன்றும் இன்றும் 1.2, அல்லது அன்றும் இன்றும் 0.8. எந்த வழியில் போனாலும் குறைந்தது என்ற இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒன்றுக்கு ஒரு அளவுகோலையும் மற்றதற்கு வேறொரு அளவுகோலையும் வைத்ததால் தெரிந்த இறக்கம் அது.

இதனால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை மாத்திரைகள் புரத இழப்பைக் குறைப்பது வாரக் கணக்கில் தெரிய வரும் விஷயம். பத்து நாளில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் டாக்டர் கவனிக்க விரும்புவது ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறியிருக்கிறதா என்பதைத்தான். அந்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

எந்த வழி சரி என்பதை அறிய அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அன்று அவர் வீட்டை விட்டு வெளியே போனாரா? கோயிலுக்கோ, மார்க்கெட்டுக்கோ, பேத்தியைப் பள்ளியில் விடவோ? போன இடத்தில் கழிப்பறைக்குப் போனாரா? யாரும் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதில்லை. மலம் கழிக்கப் போனபோது சேர்ந்து வெளியேறிய சிறுநீர் என்ன ஆயிற்று? கேன் முழுமையாகாமல் போவதற்கு நான் பார்த்தவரையில் முதல் காரணம் இதுதான். இதைக் கேட்க லேப் பையன்கள் கூச்சப்படுவார்கள். சொல்ல அம்மாமார்கள் கூச்சப்படுவார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்தபோது தூக்கக் கலக்கத்தில் மறந்துபோனாரா? கடைசி நாள் காலைச் சிறுநீரைக் கேனில் சேர்த்தாரா, அல்லது "24 மணி நேரம் முடிந்துவிட்டது" என்று விட்டுவிட்டாரா?

இந்தக் கடைசி விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். முதல் நாள் காலைச் சிறுநீர் கேனுக்குச் சொந்தமில்லை. அது முந்தின இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் சேர்ந்தது. அதையும் ஊற்றினால் முப்பது, முப்பத்திரண்டு மணி நேரச் சிறுநீர் கேனில் இருக்கும், புரதம் கூடித் தெரியும். அப்படிப்பட்ட கேனையும் கிரியாட்டினின் காட்டிக்கொடுத்துவிடும். 640 எதிர்பார்த்த இடத்தில் 900 வந்தால் யாரோ ஒரு காலையை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள்.

பெங்களூருவில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. லேப் கொடுக்கும் செய்முறைத் தாள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருக்கும். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் அம்மாக்கள் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. மகனோ மகளோ அவசரத்தில் "நாளைக்குக் காலையிலிருந்து இதில் பிடி" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். "காலையிலிருந்து" என்றால் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரிலிருந்து என்றுதான் யாருக்கும் படும். எங்கள் கவுண்ட்டரில் நான் தமிழில் மூன்று வரி எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். "ஞாயிறு காலை ஆறு மணி: கழிப்பறையில் போய்விடவும், கேனில் வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொட்டும் கேனில். திங்கள் காலை ஆறு மணி: வந்தாலும் வராவிட்டாலும் போய், அதையும் கேனில் ஊற்றவும்." இந்தச் சீட்டைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, எழுந்ததும் முதல் சிறுநீரை ஊற்றிவிட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். வெளியே போய்விட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

தவறு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. என் ஆரம்ப நாட்களில், எழுபது கிலோ ஆள் ஒருவரின் கேனை அளந்து 2400 மி.லி. என்று நோட்டில் எழுதிவிட்டு, கணினியில் ஏற்றும்போது 240 என்று தட்டிவிட்டேன். நெஃப்ரோடிக் நோயாளி. அறிக்கையில் புரதம் சாதாரணத்தைக் கொஞ்சம் தாண்டிய அளவில் போனது. அவருடைய டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, கோபப்படாமல், "ஒரு நாள் கிரியாட்டினின் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். பார்த்தேன். 130 மில்லிகிராம். எழுபது கிலோ ஆண் ஒருவர் உயிரோடு நடமாடிக்கொண்டு ஒரு நாளுக்கு 130 மில்லிகிராம் கிரியாட்டினின் வெளியேற்ற முடியாது. நோட்டைப் புரட்டினேன், பூஜ்யம் கிடைத்தது. அதிலிருந்து, டாக்டர் எழுதினாலும் எழுதாவிட்டாலும், 24 மணி நேரப் புரதம் வந்தால் கிரியாட்டினினையும் ஓட்டிவிடுவது என் பழக்கமாயிற்று. உங்கள் இரண்டாவது லேபிலும் அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும், அவருக்கு என் வணக்கம்.

இன்னொரு தவறு கேனைக் கலக்காமல் எடுப்பது. ஒரு நாள் முழுக்க நின்ற சிறுநீரில் அடியில் படிவு இருக்கும், காலையின் கெட்டியான சிறுநீரும் மதியத்தின் நீர்த்த சிறுநீரும் சரியாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மூடியை இறுக்கி நாலைந்து தடவை தலைகீழாகப் புரட்டி, நுரை அடங்க விட்டு, பிறகு அளவு ஜாடியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சிலர் கேனைத் தூக்க முடியாமல் வீட்டிலேயே மேலாக ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, "மீதி ஒரு லிட்டர் இருக்கும்" என்று வாயால் அளவு சொல்வார்கள். அந்தக் கேனில் விகிதம் பார்க்கலாம், ஒரு நாளைய கிராம் கணக்கு போட முடியாது.

இப்படியெல்லாம் சொன்னதால் கேன் வேண்டாம், ஒரு தடவை பிடிப்பதே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை பிடிப்பதற்கு அதற்கே உரிய பலவீனம் உண்டு. நாள் முழுவதும் புரதம் ஒரே சீராகப் போவதில்லை. நின்று, நடந்து, வேலை செய்யும்போது கூடும். படுத்திருக்கும்போது குறையும். பதின்வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்றால், மாலை நாலு மணி விகிதம் 0.8, மறுநாள் எழுந்த உடனே பிடித்தது 0.1 என்று வரும். சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் இருக்காது, நிற்கும்போது மட்டும் கசிவது. அதனால் பிடிக்கச் சொல்லும்போது "எப்போதாவது" என்று சொல்லக் கூடாது. எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைத்தான் கேட்க வேண்டும். அம்மாவிடம் போன மாதம் பிடித்தது எந்த நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. லேபுக்கு நடந்து போய் அங்கே பதினோரு மணிக்குப் பிடித்தது என்றால், கேனின் விகிதத்தோடு அவ்வளவு அழகாக ஒத்துப்போனதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, சர்க்கரை மிக ஏறிக் கிடக்கும் நாள், இவையும் விகிதத்தைத் தற்காலிகமாக உயர்த்தும்.

சிறுநீரகம் திடீரென்று செயலிழந்துகொண்டிருக்கும் நாட்களில் விகிதத்தைத் தொடவே கூடாது. அப்போது கிரியாட்டினின் ரத்தத்திலேயே தேங்கி, சிறுநீரில் வருவது குறைந்துவிடும். வகுக்கும் எண் சுருங்கினால் விகிதம் வீங்கும்.

அப்படியானால் எந்தச் சமயத்துக்கு எது? அறிகுறி இருக்கிறதா என்று தேடவும், மாதா மாதம் போக்கைக் கவனிக்கவும் காலை முதல் சிறுநீரின் விகிதம் போதும். கடுமையான மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று 3.5 கிராம் போன்ற ஓர் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று முடிவெடுக்க வேண்டியிருந்தால், அல்லது ஆள் மிக மெலிந்தோ மிகத் தசைப்பிடிப்போடோ இருந்தால், கேன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. சிறுநீரக மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டுதலிலும் அது ஏற்கப்பட்டிருக்கிறது. 24 மணி நேரம் சேர்க்க முயல்வது, ஆனால் அந்தக் கேனின் விகிதத்தையே முக்கியமாகப் படிப்பது. ஒன்றிரண்டு தடவை தவறினாலும் விகிதம் பெரிதாக மாறாது. ஒரே நேரத்துச் சிறுநீரின் ஏற்ற இறக்கமும் சமன்பட்டுவிடும். உங்கள் 68-ஐ 36-ஆல் வகுத்தபோது நாம் செய்தது அதுதான். தற்செயலாக நடந்தது, ஆனால் நல்ல முறையில் நடந்தது.

அம்மாவுக்கு நான் சொல்வது இது. நன்றாக ஒரே ஒரு தடவை கேன் சேர்த்துவிடுங்கள், அவர் வெளியே போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாயகன்ற மக் ஒன்றை அதற்கென்றே கழிப்பறையில் வையுங்கள். மலம் கழிக்க உட்காருவதற்கு முன்பே சிறுநீரை மக்கில் பிடித்துவிடச் சொல்லுங்கள். கேனைக் குளிர்ந்த இடத்தில், முடிந்தால் ஐஸ் போட்ட வாளியில் நிற்க வையுங்கள். லேப் தரும் கேனுக்குள் ஏதாவது திரவம் இருந்தால் வாங்கும்போதே கேளுங்கள். கால்சியம் போன்ற வேறு சோதனைகளுக்கு அமிலம் போட்ட கேன் தருவார்கள், புரதத்துக்கு அது ஆகாது. கைமாறி வந்துவிடுவது உண்டு. கேன் முழுவதையும் லேபுக்குக் கொண்டு போங்கள். புரதத்தோடு கிரியாட்டினினும் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

அந்தத் தடவை கிரியாட்டினின் எவ்வளவு வருகிறதோ, அதுதான் அம்மாவின் சொந்த அளவுகோல். 600-க்குப் பக்கம் வந்தால் போன கேன் குறைப்பட்டது என்று உறுதியாகும். மறுபடி 420 வந்தால், சூத்திரம்தான் அவரிடம் தோற்றது என்று ஏற்றுக்கொண்டு, 0.42-ஐ அளவுகோலாக வையுங்கள். ஒரே ஆளின் இரண்டு முழுமையான கேன்கள் கிரியாட்டினினில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகாது. அதன் பிறகு கேனை மறந்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் அதே லேபில், காலை முதல் சிறுநீரில் விகிதம் மட்டும் பாருங்கள், அந்த அளவுகோலால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதே லேப் என்று சொல்வது விசுவாசத்துக்காக அல்ல. புரதத்தை அளக்கச் சாயம் ஏறுவதைப் பார்க்கும் முறை ஒன்று, கலங்கலைப் பார்க்கும் முறை ஒன்று என்று லேபுக்கு லேப் வேறுபடும். இரண்டும் ஒரே சிறுநீருக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை.

அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தில் கண் வையுங்கள். ஒரு லேப் 1.9 என்று அச்சிடும், இன்னொன்று அதையே 1900 என்று அச்சிடும். முதலாவது மில்லிகிராமுக்கு மில்லிகிராம், அடுத்தது கிராமுக்கு மில்லிகிராம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் 215 என்று வந்த தன் அறிக்கையைக் காட்டினால் பயப்பட வேண்டாம், அங்கே மில்லிமோலில் எழுதுவார்கள். நம்முடைய 1-க்கு அவர்களுடைய 113. இன்னொன்று, சர்க்கரை நோயாளிகளுக்கு "மைக்ரோ அல்புமின்" என்ற பெயரில் எழுதும் சோதனை வேறு. அது மொத்தப் புரதத்தைப் பார்ப்பதில்லை, அல்புமினை மட்டும் கிரியாட்டினினால் வகுக்கும். ஒரே அலகில் பார்த்தால் எண் எப்போதும் மொத்தப் புரத விகிதத்தைவிடக் குறைவாக இருக்கும். அதையும் இதையும் அடுத்தடுத்து வைத்து "குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்த குடும்பங்கள் உங்களுடையது மட்டுமல்ல.

எவ்வளவு இறங்கினால் இறக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் அடுத்து கேட்பீர்கள். 1.9 அடுத்த தடவை 1.6 ஆனால், அது மாத்திரையா, வானிலையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அளவு ஆட்டம் மருந்து இல்லாமலே வரும். ஆறேழு வாரம் கழித்து, இரண்டு தடவை அடுத்தடுத்து, காலை முதல் சிறுநீரில், 1.0-ஐ ஒட்டி வந்தால் நான் நம்புவேன்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது 0.78 என்ற எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு அறிக்கைகளையும் கொண்டுபோய், இரண்டாவதில் 68, 36, 1150 என்ற மூன்று எண்களையும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் 1.89 என்றும் 414 என்றும் எழுதி வையுங்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அம்மா அன்றைக்கு வெளியே எங்காவது போனார்களா?" என்று கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அம்மாவிடம் விசாரித்து வைத்திருங்கள்.